நகரத்துக்குள் நுழையாமல் மறுபக்கம் போவது எப்படி: சுற்றுச்சாலையில் முதன்முறை ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பெரிய நகரைக் கடந்து அதன் மறுபக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும் என்றால், "சுற்றுச்சாலையைப் பிடித்துப் போய்விடுங்கள்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எங்கே ஏறுவது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எங்கே இறங்குவது, இறங்கிய பிறகு எந்தக் கைப்பக்கம் திரும்புவது என்பதை யாரும் சொல்வதில்லை. இந்த நான்கில் ஒன்றை விட்டுவிட்டாலும், எந்த நெரிசலுக்குப் பயந்து சுற்றுச்சாலையில் ஏறினோமோ அதே நெரிசலின் நடுவில் போய் நிற்க நேரும். நானும் அந்த அலைச்சலை அனுபவித்தவன் என்பதால், நெரிசலுக்குள் சிக்காமல் கடப்பதற்கான வழியை வரிசைப்படி எழுதுகிறேன்.

முதலில் இரண்டு செய்திகள். நகரின் நடுவிலிருந்து வெளியூர் நோக்கிக் கிளம்பும் நெடுஞ்சாலைகளை இங்கே ஆரச்சாலைகள் என்று குறிப்பிடுகிறேன். நீங்கள் வருவதும் ஓர் ஆரச்சாலை, போகவேண்டியதும் ஓர் ஆரச்சாலை, அவ்விரண்டையும் இணைக்கும் வளைவுதான் சுற்றுச்சாலை. அடுத்து, சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் எது மாறும் என்பதைத் தேவைப்படும் இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. போகிற ஊரின் பெயரோடு, போகிற சாலையின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்

சுற்றுச்சாலையின் பெயர்ப்பலகைகளில் நீங்கள் போகும் ஊரின் பெயர் இருக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலான பலகைகளில் அந்த ஆரச்சாலை கடைசியாகச் சென்றடையும் பெருநகரத்தின் பெயர்தான் எழுதியிருக்கும். நீங்கள் போகும் ஊர் அதே சாலையில் அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், பலகையில் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நகரம் இருக்கும். ஆகவே கிளம்புவதற்கு முன்பு ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி, பக்கத்தில் உட்காருபவரிடம் கொடுத்துவிடுங்கள்: நீங்கள் போகவேண்டிய ஆரச்சாலையின் எண், அந்தச் சாலை போய்ச் சேரும் பெருநகரம், இறங்கவேண்டிய சந்திப்பின் எண், அதற்கு முந்தைய சந்திப்பின் பெயர். நான்காவதைத்தான் பலரும் எழுதுவதில்லை. முந்தைய சந்திப்பு கடந்துவிட்டது என்று தெரிந்தால்தான் இடப்பக்கத் தடத்துக்கு மாறுவதற்கு நேரம் கிடைக்கும்.

சந்திப்புகளுக்கு எண் இடுவதில் இரண்டு முறைகள் உண்டு. சில சாலைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் போகும். வேறு சிலவற்றில் தொடக்கப் புள்ளியிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் அல்லது மைல் என்பதே சந்திப்பின் எண்ணாக இருக்கும். வட்டமான சாலைக்கு முடிவு கிடையாது என்பதால், எந்த முறையாக இருந்தாலும் ஓரிடத்தில் மிகப் பெரிய எண்ணுக்கு அடுத்ததாக மீண்டும் சிறிய எண் தொடங்கும். உங்கள் பயணம் அந்த இடத்தைக் கடக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். கடக்கும் என்றால், எண்கள் திடீரெனக் குறைவதைப் பார்த்து வழி தவறிவிட்டதாகப் பதற வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரே நகருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுச்சாலைகள் இருக்கலாம். பெய்ஜிங்கில் இரண்டாம் வட்டச்சாலையிலிருந்து ஆறாம் வட்டச்சாலை வரை ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருக்கின்றன. உள்வட்டங்கள் பெரும்பாலும் நகரம் வளர்ந்து விழுங்கிக்கொண்டவை. பெயரில் சுற்றுச்சாலை என்றிருந்தாலும் உள்ளூர்ப் போக்குவரத்தைத்தான் அவை சுமக்கின்றன. நகரைக் கடந்து போகிறவருக்கு, குறுக்குச் சந்திப்புகளும் சிக்னல்களும் இல்லாத வெளிவட்டமே பயன்படும். வரைபடத்தின் செயற்கைக்கோள் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தால், சந்திப்புகளில் மேம்பாலம் இருக்கிறதா அல்லது சாலைகள் ஒன்றையொன்று தரைமட்டத்தில் வெட்டுகின்றனவா என்பது தெரிந்துவிடும். உங்களுக்கு வேண்டிய பகுதி முழுவதும் கட்டி முடிந்திருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் பல சுற்றுச்சாலைகள் ஒரு பகுதி திறந்தும் ஒரு பகுதி திறக்காமலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன.

2. நகரைக் கடிகார முகமாக நினைத்துக் கணக்குப் போடுங்கள்

சுற்றுச்சாலை என்றாலே தூரம் கூடும் என்பது முழு உண்மை இல்லை. கூடுவதும் குறைவதும், நீங்கள் உள்ளே வரும் ஆரச்சாலைக்கும் வெளியே போகும் ஆரச்சாலைக்கும் இடையே உள்ள கோணத்தைப் பொறுத்தது.

வரைபடத்தில் நகரின் மையத்தைக் கடிகாரத்தின் நடுவாகவும் வடக்கைப் பன்னிரண்டு மணியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரும் சாலை எந்த மணியில் இருக்கிறது, போகும் சாலை எந்த மணியில் இருக்கிறது என்று பாருங்கள். சுற்றுச்சாலையில் ஒரு மணி இடைவெளியைக் கடப்பது, மையத்திலிருந்து சுற்றுச்சாலை வரையிலான தூரத்தில் ஏறத்தாழ பாதி. நடுவழியே போனால் அந்தத் தூரத்தை உள்ளே ஒருமுறையும் வெளியே ஒருமுறையும் கடக்கிறீர்கள். ஆகவே இடைவெளி மூன்று மணி வரை இருந்தால் சுற்றுச்சாலைதான் தூரத்திலும் குறைவு. நான்கு மணி இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நேர் எதிர்ப்பக்கம், அதாவது ஆறு மணி இடைவெளி என்றால், சுற்றுச்சாலை ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக, சரியாகச் சொன்னால் 1.57 மடங்காக இருக்கும். அதற்கு மேல் போகவே போகாது, ஏனென்றால் அதைத் தாண்டினால் மறுபக்கமாகச் சுற்றுவது குறுகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். சுற்றுச்சாலை மையத்திலிருந்து 15 கிலோமீட்டரில் இருக்கிறது; வடக்கிலிருந்து, பன்னிரண்டு மணியில் வருகிறோம்; ஐந்து மணித் திசையில் வெளியேற வேண்டும். நடுவழியே 30 கிலோமீட்டர். சுற்றுச்சாலையில் ஐந்து மணி இடைவெளி, ஏறத்தாழ 39 கிலோமீட்டர். நகருக்குள் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். சுற்றுச்சாலையில் சுங்கச்சாவடி நிறுத்தங்களையும் சேர்த்துச் சராசரி 60 என்றால் 39 நிமிடங்கள். சுற்றுச்சாலையின் வேகம் 26 வரை விழுந்தாலும் இரண்டு வழிகளும் சமம்தான். அதற்கும் கீழே விழுந்தால் மட்டுமே நகர்வழி வெல்லும்.

எரிபொருளையும் இதே எடுத்துக்காட்டில் பார்த்துவிடலாம். நின்று நின்று போகும் நகர்வழியில் ஒரு கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் 30 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் செலவாகும்; சீரான வேகத்தில் 16 ஓடினால் 39 கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டருக்குக் கீழே முடிந்துவிடும். தூரம் கூடினாலும் எரிபொருள் கூடவில்லை. ஆக, கூடுதல் செலவு என்பது பெரும்பாலும் சுங்கம் மட்டுமே. அதை மிச்சமாகும் ஐம்பது நிமிடங்களோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. எல்லாச் சுற்றுச்சாலைகளும் உருண்டையாக இருப்பதில்லை. கடல், ஆறு, மலை ஆகியவற்றுக்கு ஏற்ப வளைந்து நெளிந்திருக்கும். கடற்கரை நகரங்களில் பாதி வட்டமே இருக்கும். மேலும், சுற்றுச்சாலை மிகப் பெரிதாக இருந்தால், அதற்குள்ளே இருக்கும் 30 கிலோமீட்டரும் நெரிசலாக இருக்காது. நடுவில் உள்ள 12 கிலோமீட்டர் மட்டும் நகராமல் நின்று, மீதி ஓரளவு ஓடும். லண்டனைச் சுற்றியுள்ள எம்25 சாலையின் நீளம் 188 கிலோமீட்டர். ஹைதராபாத்தின் வெளிவட்டச்சாலை 158 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய வளையங்களில் எதிர்ப்பக்கம் போகும்போது, பின்னிரவில் நடுவழியே விரைவாக இருக்கவும் கூடும். அப்போது மேலே சொன்ன கணக்கை, நகர்வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் வைத்துப் போட வேண்டும்.

3. வலமா, இடமா என்று முடிவு செய்யுங்கள்

சுற்றுச்சாலையில் வடக்கு, தெற்கு என்ற பேச்சு குழப்பத்தில்தான் கொண்டுபோய் விடும். கிழக்கு நோக்கி ஏறிய அதே தடம் கால் வட்டத்துக்குப் பிறகு தெற்கு நோக்கியும், அரை வட்டத்துக்குப் பிறகு மேற்கு நோக்கியும் போய்க்கொண்டிருக்கும். ஆகவே திசைகளை விட்டுவிட்டு, கோயிலை வலம் வருவதைப் போல நகரம் நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றப்போகிறோமா, இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றப்போகிறோமா என்று மட்டும் பாருங்கள். கடிகார முள் சுற்றும் திசை வலம். அதற்கு எதிர்த்திசை இடம். எம்25 சாலையின் இரண்டு பக்கங்களையும் அங்குள்ள போக்குவரத்து அறிவிப்புகள் கடிகாரத் திசை, எதிர்க்கடிகாரத் திசை என்றே குறிப்பிடுகின்றன.

இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலமாகச் சுற்றுபவர் வளையத்தின் வெளிப்பக்கச் சாலையிலும், இடமாகச் சுற்றுபவர் உள்பக்கச் சாலையிலும் இருப்பார். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இது அப்படியே மாறிவிடும். எதற்கு இந்த விவரம் என்றால், ஏறுவதும் இறங்குவதும் எளிதா கடினமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அதை எட்டாம் படியில் சொல்கிறேன்.

பொதுவாகக் குறுகிய பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் எடுத்துக்காட்டில் மறுபக்கமாக ஏழு மணி இடைவெளி, 55 கிலோமீட்டர்; அதே 60 வேகத்தில் 55 நிமிடங்கள். வலப்பக்க வளைவில் விபத்தோ பராமரிப்பு வேலையோ இருந்து பதினாறு நிமிடங்களுக்கு மேல் தாமதம் காட்டினால், தயங்காமல் இடமாகச் சுற்றலாம். இந்த எண்ணை, அதாவது இரண்டு பக்கங்களுக்கும் இடையேயான நிமிட வேறுபாட்டை, முன்கூட்டியே கணக்கிட்டு அதே தாளில் எழுதிவைத்தால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யோசிக்க வேண்டியதில்லை.

4. கிளம்பும் நேரத்தைவிட, சுற்றுச்சாலையைத் தொடும் நேரத்தைப் பாருங்கள்

உங்கள் ஊரில் அதிகாலையில் கிளம்பிவிட்டோம் என்ற நிம்மதி, சுற்றுச்சாலையைக் காலை எட்டரை மணிக்குத் தொட்டால் பயன்படாது. சுற்றுச்சாலைகளில் நெரிசல் பரவலாக இருப்பதில்லை. ஆரச்சாலைகள் வந்து சேரும் சந்திப்புகளில்தான் திரளும். காரணம் எளியது: அங்கே ஏறுபவர்கள் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு வருகிறார்கள், இறங்குபவர்கள் நடுவிலிருந்து இடப்பக்கத்துக்குப் போகிறார்கள், இரு கூட்டமும் சில நூறு மீட்டருக்குள் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அலுவலகம் திறக்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் இறங்குபாதையில் நிற்கும் வரிசை பின்னோக்கி வளர்ந்து சுற்றுச்சாலையின் இடத்தடம் வரை வந்துவிடும். உங்கள் பாதையில் அப்படிப்பட்ட சந்திப்பு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அவற்றைக் காலை ஒன்பதரை மணிக்குப் பிறகோ காலை ஆறரை மணிக்கு முன்போ கடக்கும்படி கிளம்பும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

பகலில் நகருக்குள் கனரக வாகனங்களுக்குத் தடை இருக்கும் இடங்களில், இரவில் அந்தத் தடை நீங்கும் நேரத்துக்காக லாரிகள் சுற்றுச்சாலையின் ஓரத்தில் விளக்கில்லாமல் நின்றுகொண்டிருக்கும். இரவில் போகிறவர்கள் இடது ஓரத் தடத்தில் வேகமாகப் போவதைத் தவிர்த்து இரண்டாம் தடத்தில் போங்கள். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குகளுக்கு இடப்பக்கம் ஓர் இருண்ட சதுரம் தெரிந்தால், அது நிற்கும் லாரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

5. வரைபடச் செயலியை உங்கள் முடிவுக்கு இணங்கச் செய்யுங்கள்

செயலியில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போனால், இரண்டு நிமிடம் மிச்சம் என்பதற்காக அது உங்களை நகருக்குள் திருப்பிவிடக்கூடும். அந்த இரண்டு நிமிடம், நீங்கள் உள்ளே போய்ச் சேர்வதற்குள் இருபது நிமிட நட்டமாக மாறியிருக்கும். முதலில், சுங்கச் சாலைகளைத் தவிர்க்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். என்றோ ஒருநாள் அதை இயக்கிவிட்டு மறந்திருந்தால், கட்டணம் உள்ள சுற்றுச்சாலையை அது காட்டவே காட்டாது. சுற்றுச்சாலையே இல்லாதது போல நகரின் நடுவே கோடு போடும்.

பிறகு, சுற்றுச்சாலையின் மீதே ஓர் இடைநிறுத்தத்தைச் சேருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுற்றுச்சாலையின் இரண்டு பக்கங்களும் தடுப்புச் சுவரால் பிரிக்கப்பட்டவை. உங்கள் விரல் எதிர்ப்பக்கத்தில் பட்டிருந்தால், அந்தப் புள்ளியைத் தொடுவதற்காகச் செயலி உங்களை அடுத்த சந்திப்பில் இறக்கி, திருப்பி, மீண்டும் ஏற்றும். ஆகவே படத்தை நன்றாகப் பெரிதாக்கி, நீங்கள் ஓட்டப்போகும் பக்கத்தில்தான் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, அணுகுசாலையில், அதாவது சர்வீஸ் ரோட்டில், புள்ளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டு முடித்ததும் மொத்தக் கோட்டையும் ஒருமுறை விரலால் தொடர்ந்து பார்த்து, எங்கும் வளைந்து திரும்பி வரவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மேம்பாலத்துக்குக் கீழே அணுகுசாலையில் போகிறீர்களா, மேலே போகிறீர்களா என்பதைச் செயலியால் சில இடங்களில் பிரித்தறிய முடியாது. சந்திப்புகளில் குரல் சொல்வதைவிடப் பலகையை நம்புங்கள்.

6. ஆவணங்களும் கட்டணமும்

ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை எந்தப் பயணத்துக்கும் வேண்டியவைதான். சுற்றுச்சாலைக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது உங்கள் வாகன வகைக்கு அங்கே அனுமதி உண்டா என்பதும், கட்டணம் எந்த முறையில் வசூலிக்கப்படுகிறது என்பதும்தான். கட்டுப்படுத்தப்பட்ட நுழைவுள்ள பல சுற்றுச்சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்கும் டிராக்டர்களுக்கும் முதன்மைச் சாலையில் இடமில்லை. அவர்கள் அணுகுசாலையில்தான் போக வேண்டும்.

கட்டண முறைகள் மூன்று. குறிப்பிட்ட இடங்களில் சாவடி வைத்து ஒரே தொகை வாங்குவது முதல் வகை. இதில் குழப்பம் இல்லை. ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் பதிந்து தூரத்துக்கு ஏற்ப வாங்குவது இரண்டாம் வகை. இதில் ஏறும்போது சீட்டு கொடுத்தால் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வையுங்கள். சீட்டைத் தொலைத்தவரிடம் மிக நீளமான தூரத்துக்கான கட்டணத்தை வாங்குவது வழக்கம். மின்னணுப் பட்டையால் கழிக்கும் முறை என்றால், முந்தைய நாளே இருப்பைப் பார்த்துப் போதிய பணம் ஏற்றிவையுங்கள். பணம் ஏற்றியது சாவடியின் கணினிக்குத் தெரிய நேரம் ஆகக்கூடும் என்பதால், வரிசையில் நின்றுகொண்டே ஏற்றினால் போதும் என்று இருக்காதீர்கள்.

மூன்றாவது வகைதான் புதியவர்களைப் பெரிதும் பாதிக்கிறது. அங்கே சாவடியே இருக்காது. மேலே உள்ள கேமரா எண்பலகையைப் படம் பிடிக்கும், நீங்களாகப் போய்க் கட்ட வேண்டும். எம்25 வளையத்தின் கிழக்குப் பக்கத்தில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் டார்ட்ஃபோர்ட் பகுதி இப்படிப்பட்டது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கடப்பவர்கள், மறுநாள் நள்ளிரவுக்குள் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும். தவறினால் அபராத அறிவிப்பு வீட்டுக்கு வரும். நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் இலவசச் சாலை என்று நினைத்துப் போய்விடுபவர்கள் ஏராளம். வாடகைக் காரில் போனால் அபராதம் முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு கையாளும் கட்டணத்தைச் சேர்த்து உங்களிடம் வசூலிப்பார்கள். வண்டியை எடுக்கும்போதே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நகர்வழியை இலவசம் என்று கணக்கில் வைக்கும் முன்பு, அங்கே மாசுக் கட்டுப்பாட்டு மண்டலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். லண்டனில் புகை வரம்பை மீறும் வண்டிகளுக்கு நகருக்குள் தினக் கட்டணம் உண்டு; எம்25 சாலை அந்த மண்டலத்தில் சேராது.

7. ஏறுவதற்கு முன்பு

எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள், கழிப்பறைத் தேவையையும் முடித்துக்கொள்ளுங்கள். நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட வளையங்களில் இவை இரண்டும் நினைத்த இடத்தில் கிடைக்காது, கிடைப்பதற்காக இறங்கினால் மீண்டும் கட்டணம் கட்டி ஏற வேண்டி வரலாம். சக்கரக் காற்றையும் மாற்றுச் சக்கரத்தையும் அதே நிறுத்தத்தில் பார்த்துவிடலாம்.

8. இறங்கும் இடத்தில் நிதானமாக இருங்கள்

இந்த வழிகாட்டியிலேயே இந்தப் படிதான் முதன்மையானது. நகருக்குள் தவறிப் போய்ச் சிக்குபவர்களில் பெரும்பாலோர் சரியான சந்திப்பில் இறங்கி, தவறான பக்கம் திரும்பியவர்களே. ஆரச்சாலையின் ஒரு முனை உங்கள் ஊருக்கும் மறுமுனை நகரின் நடுவுக்கும் போகிறது; இறங்குபாதையின் அடியில் இரண்டும் ஒரே சாலையாகத்தான் தெரியும்.

வலமாகச் சுற்றி வந்திருந்தால் நகரம் உங்கள் வலக்கைப் பக்கம். ஆகவே நீங்கள் இடக்கைப் பக்கம் திரும்ப வேண்டும். இடமாகச் சுற்றி வந்திருந்தால் நகரம் இடக்கைப் பக்கம், திரும்பவேண்டியது வலக்கைப் பக்கம். இது எந்த நாட்டிலும் மாறாது. இறங்குபாதை எவ்வளவு வளைந்து நெளிந்தாலும் முடிவு இதுதான் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு பலகையைப் படியுங்கள்.

நான்கு இதழ்ப் பூவைப் போன்ற வடிவில் அமைந்த சந்திப்பில், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு இறங்குபாதைகள் அடுத்தடுத்து வரும்: பாலத்துக்கு முன்பு ஒன்று, பாலத்தைத் தாண்டியதும் ஒன்று. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் முதல் பாதை உங்களை இடக்கைப் பக்கமும், இரண்டாவது பாதை ஒரு முழு வளையம் போட்டு வலக்கைப் பக்கமும் கொண்டுபோகும். ஆகவே வலமாக வந்தவர் முதல் பாதையில் இறங்க வேண்டும். இடமாக வந்தவர் முதலாவதை விட்டுவிட்டு, பாலத்தைத் தாண்டி, இரண்டாவதில் இறங்க வேண்டும். சந்திப்பு எண் வந்துவிட்டதே என்று இடமாக வந்தவர் முதல் பாதையில் இறங்கினால் நேராக நகரின் நடுவுக்குத்தான் போவார். ஏறும்போதும் இதே ஒழுங்குதான்: வலமாகச் சுற்ற முதல் பாதை, இடமாகச் சுற்றப் பாலத்துக்கு அடுத்த பாதை. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் முதலாவதும் இரண்டாவதும் இடம் மாறிக்கொள்ளும்.

தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் வளையங்களில் பல நேரம் ஒரே இறங்குபாதைதான் இருக்கும். சாவடியைத் தாண்டிய பிறகுதான் அது இரண்டாகப் பிரியும். சாவடியில் பணம் கட்டும் பரபரப்பில் பிரியும் இடத்துப் பலகையைப் பலரும் தவறவிடுகிறார்கள். சாவடியிலேயே ஊழியரிடம் ஆரச்சாலையின் எண்ணைச் சொல்லி, எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுவது நல்லது.

திரும்பிய பிறகு சரியாக வந்திருக்கிறோமா என்று சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலமாக வந்தவர், இறங்கிய பிறகு சுற்றுச்சாலையின் மேலேயோ கீழேயோ கடந்து போகவே கூடாது. அவர் ஏற்கெனவே வெளிப்பக்கத்தில் இருக்கிறார். இடமாக வந்தவர் ஒருமுறை கடந்தே ஆக வேண்டும். இதற்கு மாறாக நடந்தால் நீங்கள் நகரத்தை நோக்கிப் போகிறீர்கள். இரண்டாவது, சாலையோரக் கிலோமீட்டர் கற்கள். நீங்கள் கடந்து வந்த பெருநகரத்தின் பெயருக்கு எதிரே உள்ள எண் கல்லுக்குக் கல் குறைந்துகொண்டே வந்தால், முதல் திருப்பத்திலேயே வண்டியைத் திருப்புங்கள்.

தடம் மாறுவதற்கு, முந்தைய சந்திப்பு கடந்ததும் தயாராகி, இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே இடத்தடத்துக்கு வந்துவிடுங்கள். அதுவரை இரண்டாம் தடத்தில் போவதுதான் வசதி. இடத்தடத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் ஏறுபவர்களுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

9. இறங்குபாதையைத் தவறவிட்டால்

நேராகப் போங்கள். பின்னோக்கி எடுப்பதும், ஓரமாக நிறுத்தி யோசிப்பதும், கோடு போட்ட முக்கோணப் பகுதியின் மீது ஏறிக் கடைசி நொடியில் திரும்புவதும் உயிரை எடுக்கும். அடுத்த சந்திப்பில் இறங்கி, பாலத்தைக் கடந்து, எதிர்ப்பக்கமாக ஏறித் திரும்பி வரலாம். ஆனால் வரும்போது உங்கள் சுற்றும் திசை மாறிவிடுகிறது என்பதை மறக்காதீர்கள்: வலமாக வந்தவர் இப்போது இடமாகச் சுற்றுகிறார், ஆகவே எட்டாம் படியில் சொன்னது அனைத்தும் தலைகீழாகும். முதல் பாதைக்குப் பதில் இரண்டாம் பாதை, இடக்கைக்குப் பதில் வலக்கை. தவறவிட்டுத் திரும்பி வருபவர்கள் மீண்டும் தவறுவது இந்த இடத்தில்தான். அடுத்த சந்திப்பிலிருந்து உங்கள் ஆரச்சாலைக்கு நகரத்துக்கு வெளியிலேயே ஒரு குறுக்குச்சாலை இருந்தால் அதில் போவது இன்னும் எளிது. முந்தைய நாளே வரைபடத்தில் பார்த்து வைத்திருக்கலாம்.

வண்டி பழுதாகி நின்றால், ஓரத் தடத்தில் முடிந்தவரை இடப்பக்கம் ஒதுக்கி, நான்கு எச்சரிக்கை விளக்குகளையும் போட்டு, எல்லோரும் போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். உதவி எண் சுங்கச் சீட்டிலோ சாலையோரப் பலகையிலோ இருக்கும். அழைக்கும்போது வளையத்தில் எத்தனையாவது கிலோமீட்டர் என்பதையும், வலமாகப் போகும் பக்கமா இடமாகப் போகும் பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தைச் சொல்லாவிட்டால் உதவி வண்டி எதிர்ப்பக்கத்தில் வந்து, திரும்பி வருவதற்கு அடுத்த சந்திப்பு வரை போக வேண்டியிருக்கும்.

10. போய்ச் சேர்ந்த அன்றே

கேமராவால் வசூலிக்கும் பகுதியைக் கடந்திருந்தால் அன்றிரவே கட்டணத்தைச் செலுத்தி, எண்பலகையின் எழுத்துகளையும் எண்களையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் வேறொரு வண்டியின் பெயரில் போய், உங்களுக்கு அபராதம் வரும். பட்டையில் கழித்திருந்தால் வந்த குறுஞ்செய்திகளைப் பார்த்து, ஏறிய இடமும் இறங்கிய இடமும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா, ஒரே சாவடிக்கு இரண்டு முறை கழித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். முரண்பாடு இருந்தால், ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் குறிக்கப்பட்ட சீட்டோ செயலியின் பயணப் பதிவோதான் சான்று. ஆகவே அந்தக் கணக்கு தீரும் வரை சீட்டுகளைக் கிழித்துப் போட வேண்டாம்.